இருபது எண்கள், இருபத்தாறு கோடுகள்

8 பெரியதா, 12 பெரியதா என்று கேட்டால் பள்ளிக்குப் போகாத பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். கேள்வியைச் சற்று மாற்றுவோம். எது எதை மீதியில்லாமல் வகுக்கும்? 8, 12-ஐ வகுக்காது. 12-ம் 8-ஐ வகுக்காது. இந்தக் கணக்கில் அவை இரண்டுக்கும் மேல் கீழ் கிடையாது. ஆனால் 4-க்கும் 12-க்கும் உண்டு, ஏனென்றால் 4, 12-ஐ வகுக்கும். இப்படிச் சில சோடிகளை மட்டும் ஒப்பிட முடிகிற, மற்றவற்றை ஒப்பிட முடியாத ஏற்பாட்டைக் கணிதத்தில் பகுதி வரிசை என்பார்கள்.

இந்த வரிசையை ஒரு தாளில் படமாக வரையலாம். ஹெல்முட் ஹாஸே (1898–1979) என்ற ஜெர்மானியக் கணித அறிஞரின் பெயரால் அதை ஹாஸே படம் என்கிறார்கள். 1 முதல் 20 வரையுள்ள எண்களை எடுத்துக்கொண்டு அதை வரைந்து பார்ப்போம். ஒரு பென்சிலும் அழிப்பானும் போதும்.

முதலில், ஒன்று மற்றொன்றை வகுக்கும் சோடிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு எண்ணும் தன்னைத்தானே வகுப்பதை விட்டுவிட்டால் 46 சோடிகள் வரும். 1 மட்டுமே மற்ற 19 எண்களையும் வகுக்கும். 46 சோடிக்கும் 46 கோடு போட்டால் படம் சிக்கலாகி எதுவும் தெரியாது. அதற்காகத்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 2, 4-ஐ வகுக்கும். 4, 12-ஐ வகுக்கும். அப்படியானால் 2, 12-ஐ வகுக்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2-லிருந்து 4 வழியாக 12-க்கு ஏறிப் போக முடிகிறது என்பதே அதைச் சொல்லிவிடும். எனவே இடையில் வேறு எண் புக முடியாத சோடிகளுக்கு மட்டுமே கோடு.

எந்தச் சோடிக்கு இடையில் வேறு எண் புக முடியாது? பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஈவு பகா எண்ணாக இருந்தால் கோடு போடலாம். இல்லையென்றால் போடக் கூடாது. 20-ஐ 4-ஆல் வகுத்தால் 5. அது பகா எண், கோடு உண்டு. 18-ஐ 3-ஆல் வகுத்தால் 6; அது 2-ம் 3-ம் பெருகியது, ஆகவே கோடு இல்லை. 3-லிருந்து 18-க்குப் போக 6 வழியாகவும் 9 வழியாகவும் பாதை இருக்கிறது.

இந்த ஒரு விதியே எண்களின் உயரத்தையும் தீர்மானித்துவிடுகிறது. ஒவ்வொரு கோடும் ஒரு பகா எண்ணால் பெருக்குவது என்பதால், ஓர் எண்ணில் எத்தனை பகாக் காரணிகள் பெருகியிருக்கின்றனவோ அத்தனையாவது படியில் அதை வைக்க வேண்டும். அடியில் தனியாக 1. அதற்கு மேல் முதல் படியில் பகா எண்கள் எட்டும்: 7, 2, 5, 3, 11, 13, 17, 19. இரண்டாம் படியில் 14, 4, 10, 6, 15, 9. மூன்றாம் படியில் 8, 20, 12, 18. உச்சியில் 16. அளவில் பெரிய 19 கீழேயும் சிறிய 8 மேலேயும் நிற்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 8 என்பது 2-ஐ மூன்று முறை பெருக்கியது. 19-க்குக் கீழே 1-ஐத் தவிர எதுவும் இல்லை.

படிகளில் எண்களை ஏறுவரிசையில் எழுதாமல் இப்படி இடம் மாற்றி எழுதியதற்குக் காரணம் உண்டு. இதே வரிசையில் இடமிருந்து வலமாக எழுதிக் கோடுகளை நேராக இழுத்தால், மூன்று இடங்களில் மட்டும்தான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். வெட்டுமிடத்தில் எண் எதுவும் இல்லை என்பது நினைவிருக்கட்டும். எண்ணுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டால் குழப்பம் வராது.

பிழை எங்கே நேரும்? பெரும்பாலும் மூன்றாம் படியில்தான். 20-ஐ 10-உடன் இணைத்துவிட்டு 4-ஐ மறந்துவிடுவார்கள். 12-ஐ 6-உடன் இணைத்து, 4-ஐ விட்டு, தேவையில்லாமல் 3-க்கு ஒரு கோடு இழுப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ஓர் எண்ணிலிருந்து கீழே இறங்கும் கோடுகளின் எண்ணிக்கை, அந்த எண்ணில் எத்தனை வெவ்வேறு பகா எண்கள் இருக்கின்றன என்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். 12-இல் 2, 3 என இரண்டு. ஆகவே 6-க்கும் 4-க்கும் இரண்டு கோடுகள். 16-இல் 2 மட்டுமே; ஆகவே 8-க்கு ஒரே கோடு. கீழிருந்து படிக்கு இடையிலான கோடுகளைக் கூட்டினால் 8, 10, 7, 1 என மொத்தம் 26 வரும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ தவறு இருக்கிறது.

வரைந்து முடித்ததும் படிக்கத் தொடங்கலாம். 12-லிருந்தும் 18-லிருந்தும் கீழே இறங்கி வாருங்கள். இரண்டு வழிகளும் சேரும் இடங்களில் மிக உயரமானது 6. அதுதான் அவற்றின் மீப்பெரு பொதுக் காரணி. 4-லிருந்தும் 6-லிருந்தும் மேலே ஏறினால் 12-இல் சந்திக்கின்றன. அது மீச்சிறு பொது மடங்கு. கீழே இறங்கினால் எந்த இரண்டும் எங்காவது சந்தித்தே தீரும், வேறெங்கும் இல்லாவிட்டாலும் 1-இல். மேலே ஏறினால் அந்த உறுதி இல்லை. 6-ம் 10-ம் சந்திக்க வேண்டிய இடம் 30. நாம் 20-இல் நிறுத்திவிட்டதால் அது படத்தில் இல்லை.

இந்தப் படத்திலிருந்து கிடைப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1 முதல் 20 வரை உங்களுக்குப் பிடித்த 11 எண்களை எடுங்கள். அவற்றில் ஏதேனும் ஒன்று இன்னொன்றை வகுத்தே தீரும். எப்படி எடுத்தாலும் தப்ப முடியாது. 

காரணம் படத்திலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஒற்றை எண்ணிலிருந்தும் புறப்பட்டு, 2-ஆல் பெருக்கிக்கொண்டே மேலே ஏறுங்கள். 1, 2, 4, 8, 16 ஒரு சங்கிலி. 3, 6, 12 அடுத்தது. பிறகு 5, 10, 20, 7, 14, 9, 18. மீதமுள்ள 11, 13, 15, 17, 19 ஒவ்வொன்றும் தனித்தனிச் சங்கிலி. மொத்தம் பத்தே சங்கிலிகளில் இருபது எண்களும் அடங்கிவிட்டன. பதினொன்றை எடுத்தால் இரண்டாவது ஒரே சங்கிலியில் விழும். அவற்றில் சிறியது பெரியதை வகுக்கும்.

பத்து எண்களை மட்டும் எடுத்தால் தப்பிக்கலாமா? தப்பிக்கலாம். 11 முதல் 20 வரையுள்ள பத்தில் எதுவும் மற்றொன்றை வகுக்காது, ஏனென்றால் 11-இன் இருமடங்கே 20-ஐத் தாண்டிவிடுகிறது. இந்தப் பத்தும் படத்தில் ஒரே படியில் இல்லை. முதல் படியிலிருந்து உச்சி வரை பரவிக் கிடக்கின்றன. ஒரே படியில் நிற்பவை ஒன்றையொன்று வகுக்காது என்பது சரி. ஆனால் அதை வைத்து, மிக நீளமான படியில் இருக்கும் எட்டே உச்ச அளவு என்று முடிவுகட்டினால் தவறிவிடுவோம். ஒப்பிட முடியாத எண்களை அதிகபட்சம் எத்தனை எடுக்கலாம் என்பதும், எல்லாவற்றையும் அடக்கக் குறைந்தது எத்தனை சங்கிலிகள் வேண்டும் என்பதும் எப்போதும் சமம் என்று, முடிவுள்ள எல்லாப் பகுதி வரிசைகளுக்கும் பொதுவாக 1950-இல் நிறுவினார் அமெரிக்கக் கணித அறிஞர் ராபர்ட் டில்வொர்த். நம் படத்தில் அந்த இரண்டும் பத்து.

வரைந்து பழகியவர்கள் அதே படத்தை 30 வரை நீட்டிப் பாருங்கள். படிகளின் எண்ணிக்கை கூடாது; கோடுகள் மட்டும் 43 ஆகும். 30-லிருந்து 6, 10, 15 ஆகியவற்றுக்கு மூன்று கோடுகள் இறங்கும். உங்கள் தாளில் 43 வந்தால் அநேகமாகப் படம் சரி.