எழுத்தருக்கு ஒரு விடைபெறு உரை

தமிழக அரசு ஊழியர்கள் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். அன்று மாலை நடக்கும் பணி நிறைவு விழாவில் உயர் அதிகாரிகளும் எழுத்தரின் குடும்பத்தாரும் சேர்ந்தே அமர்ந்திருப்பார்கள். அதனால் பாராட்டுரை பெரும்பாலும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே அமைகிறது.

ஒவ்வொரு வரியையும் இரு மொழியிலும் சொன்னால் உரை இரட்டிப்பாக நீண்டு அவை சலித்துவிடும். மொழிக்கு ஒரு வேலை என்று பிரிப்பதே நல்லது. பணியில் சேர்ந்த நாள், பதவி உயர்வு, பணிபுரிந்த பிரிவுகள் ஆகியவற்றைப் பணிப்பதிவேட்டில் சரிபார்த்து ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். உடன் பணியாற்றிய நினைவுகளும் குடும்பத்துக்கான நன்றியும் தமிழில் வரவேண்டும்.

நகைச்சுவை அவருடைய வேலையிலிருந்தே பிறக்க வேண்டும். பதிவறையில் நெடுங்காலம் இருந்தவரைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: "கணினி வந்த பிறகும் பழைய கோப்பு வேண்டுமென்றால் சாரைத்தான் தேடினோம். கணினி கடவுச்சொல் கேட்கும். சாருக்கு ஒரு டீ போதும்." சிரிப்போடு அவருடைய நினைவாற்றலும் அவைக்குத் தெரிகிறது. ஆங்கிலப் பகுதிக்கு, "ஹி நெவர் லாஸ்ட் எ ஃபைல், ஆர் ஹிஸ் டெம்பர்" என்ற ஒரு வரி போதும்.

வயது, உடல்நலம், ஓய்வூதியத் தொகை, கிடைக்காமல் போன பதவி உயர்வு ஆகியவற்றை வைத்துச் சிரிக்க வைப்பது புண்படுத்தும். ஐந்து நிமிடத்துக்குள், துணைவியாரையும் பிள்ளைகளையும் குறிப்பிட்டு வாழ்த்தி முடிப்பது வழக்கம்.