ஒரு தட்டுக்கு எத்தனை கிராம் கேஸ்?

கேஸ் செலவு எவ்வளவு என்று ஓட்டல் நடத்துபவரைக் கேட்டால், பதில் ரூபாயில்தான் வரும். வணிக சிலிண்டர் விலையோ மாதம் பிறந்தால் பெரும்பாலும் மாறிவிடுகிறது. பில் குறைந்தது சமையலறைச் சிக்கனத்தாலா, விலை இறங்கியதாலா என்று ரூபாயை வைத்துச் சொல்ல முடியாது. எடையில் கணக்கு வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன், வால்வை மூடி சிலிண்டரைக் கழற்றி, காய்கறி நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றி எடையைக் குறிக்க வேண்டும். திரும்ப மாட்டியதும் சோப்பு நுரை தடவி, கசிவு உண்டா என்று பார்ப்பது கட்டாயம். நேற்றைய எடையிலிருந்து இன்றையதைக் கழித்தால் நேற்று எரிந்தது தெரியும். நடுவில் சிலிண்டர் மாற்றியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே, பில் புத்தகத்திலிருந்து நேற்று போன தட்டுகளின் எண்ணிக்கை. பார்சலையும் ஊழியர் சாப்பாட்டையும் விடக்கூடாது. பல சிலிண்டர்களைக் குழாயில் இணைத்திருக்கும் பெரிய ஓட்டல்களில் இது நடக்காது, குழாயில் கேஸ் மீட்டர் பொருத்த வேண்டும். பிரஷர் முள்ளை நம்பிப் பயனில்லை. உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நிற்கும்.

ஒரு சிறிய டிபன் கடையை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை 150 தட்டு, 12 கிலோ கேஸ். ஞாயிற்றுக்கிழமை 250 தட்டு, 16 கிலோ. தட்டுக்கு 80 கிராம், 64 கிராம் என்று வகுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மாஸ்டரைத் திட்டுகிறவர்கள் உண்டு. அவர் பாவம். கூடுதலாகப் போன 100 தட்டுக்குக் கூடிய கேஸ் 4 கிலோ, அதாவது தட்டுக்கு 40 கிராம். அப்படியானால் 150 தட்டுக்கு 6 கிலோ போதும். மீதி 6 கிலோ, யார் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் எரிகிறது. இரண்டே நாளை வைத்து முடிவு கட்டக்கூடாது. மூன்று வாரக் கணக்கைக் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக வைத்தால் ஒரு சாய்கோடு கிடைக்கும். கல்யாண ஆர்டர் வந்த நாள் அந்தக் கோட்டை விட்டுத் தனியே நிற்கும். அதை ஒதுக்கிவிடலாம்.

அந்த 6 கிலோ எங்கே போகிறது? சாயங்காலம் 3 மணியிலிருந்து 6 மணி வரை அடுப்படியில் நின்று பாருங்கள். தோசைக்கல் இரண்டும் சூடாகவே இருக்கும். ஆறினால் மறுபடி காய நேரமாகும் என்பது மாஸ்டரின் நியாயம், அது சரிதான். ஆனால் அந்த நேரத்துக்கு வரும் நாலு தோசைக்கு ஒரு கல் போதும். ஒரு கல்லுக்குத் தனி சிலிண்டர் வைத்து ஒரு மணி நேரம் சும்மா எரியவிட்டு, முன்னும் பின்னும் நிறுத்தால் அதன் பங்கு தெரிந்துவிடும். 700 கிராம் குறைந்தால், இரண்டு மணி நேரம் அணைத்து வைப்பதில் 1.4 கிலோ மிச்சம்.

அடுத்தது இட்லிப் பானையும் பாய்லரும். 30 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க, சூட்டில் பாதி வீணாகும் அடுப்பில், சுமார் 13 கிராம் கேஸ் வேண்டும். அதே லிட்டர் முழுவதும் ஆவியாக வேண்டுமானால் மேலும் 100 கிராம் போல ஆகும். இட்லி தட்டு ஏற்றாத நேரத்தில் பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தால், தண்ணீர் எத்தனை முறை ஊற்றினார்கள் என்று கேளுங்கள். மூன்று லிட்டர் ஊற்றியிருந்தால் 300 கிராம் கேஸ் ஆவியோடு போய்விட்டது.

‘காலி’ என்று திருப்பி அனுப்பும் சிலிண்டரையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வெற்று எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் காட்டினால் கேஸ் உள்ளேயே நிற்கிறது என்று பொருள். வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி படிந்து, அழுத்தம் இறங்கிவிடுகிறது. தீ சுருங்கியதும் தீர்ந்துவிட்டதாக நினைத்து மாற்றிவிடுகிறார்கள். படுக்க வைப்பது, வெந்நீர் ஊற்றுவது எல்லாம் ஆபத்து. இரண்டு சிலிண்டர்களை ஒன்றாக இணைத்து, இழுப்பைப் பங்கிடுவதே வழி.

மின்சாரத்துக்கு இரவுதான் நல்ல சாட்சி. கடை மூடும் 10.30க்கும் திறக்கும் 5 மணிக்கும் மீட்டரைக் குறியுங்கள். வித்தியாசம் 13 யூனிட் என்றால், ஆளில்லாத கடை மணிக்கு 2 யூனிட் இழுக்கிறது. ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு ஃப்ரீசரும் மட்டும் ஓடும் கடைக்கு இது அதிகம். எக்ஸாஸ்ட் ஃபேனோ வாட்டர் ஹீட்டரோ அணைக்காமல் விட்டிருக்கலாம். எல்லாம் அணைந்திருந்தால் ஃப்ரீசர் கதவின் ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுக்கும்போது தடையின்றி உருவிக்கொண்டு வந்தால், ரப்பர் போய்விட்டது.

ஒரு கல்லை அணைக்கத் தொடங்கிய பிறகு போன மாத பில்லோடு ஒப்பிட வேண்டாம். பழைய கோட்டின்படி 200 தட்டுக்கு 14 கிலோ ஆக வேண்டும், இப்போது 12.6 கிலோவை ஒட்டி வர வேண்டும். தோசை குறைந்து பூரி கூடினால் கோடே மாறிவிடும், அதைப் புதிதாகப் போட வேண்டும். மெனு மாறாமலே மூன்று நாள் தொடர்ந்து 14 காட்டினால், 4 மணிக்கு மறுபடி அடுப்படிக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.