வால்வுக்குள் தங்கும் பால்

2016 மே மாதம் அமெரிக்காவில் குழந்தைகள் குடிக்கும் சிப்பர் கோப்பைகள் 30 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. கோப்பையில் விரிசல் எதுவும் இல்லை. பால் சிந்தாமலிருக்க உள்ளே பொருத்தியிருந்த வெள்ளை வால்வுக்குள் பூஞ்சை வளர்ந்திருந்தது. அந்த வால்வு பிரிக்க முடியாத ஒரே துண்டு. வெளியே பளிச்சென்று தெரியும். வெட்டிப் பார்த்த பெற்றோருக்குத்தான் உள்ளே கருப்பாகப் படிந்திருந்தது தெரிந்தது.

டிஷ்வாஷர் வாங்கியிருக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இயந்திரம் எதையும் தேய்ப்பதில்லை. சுழலும் கைகளின் துளைகளிலிருந்து வெந்நீர் கீழிருந்து மேலே பீய்ச்சி அடிக்கிறது. நீரில் கரைந்த காரத்தன்மையுள்ள பவுடர் எண்ணெயைக் கரைக்கிறது, அதிலிருக்கும் என்சைம்கள் பாலின் புரதத்தையும் சோற்றின் மாவையும் உடைக்கின்றன. வேலை முழுவதும் நீர் நேரடியாகப் படும் இடத்தில்தான் நடக்கிறது. நிப்பிளும் வளையமும் சேரும் விளிம்பு, சிப்பரின் வால்வுப் பிளவு, டிபன் பாக்ஸ் மூடியின் ரப்பர் உட்காரும் பள்ளம் ஆகிய மூன்றும் நீர் எட்டாத இடங்கள். அழுக்கு மிஞ்சுவதும் அங்கேதான்.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆறு வாரக் கைக்குழந்தை ஒன்றும் மூன்று வயதுப் பெண் ஒன்றும் இருக்கிறார்கள். அப்பா ஆபீசுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொண்டுபோகிறார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லாம் சேர்ந்து இயந்திரத்துக்குள் போகும். ஒரு நாள் மருமகள் கேட்டாள்: “மிஷினே அத்தனை சூட்டுல கழுவுது. மறுபடியும் எதுக்குங்க அத்தை பாட்டிலைக் கொதிக்க வெக்கோணும்?” மாமியார், “எத்தனை சூடுன்னு பாத்தயா கண்ணு?” என்றார். பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது எகோ புரோகிராம், 50 டிகிரி.

மாமியார் கேட்டது சரியான கேள்வி. 50 டிகிரியில் பாட்டில் சுத்தமாகும், ஆனால் கிருமி நீக்கம் ஆகிவிட்டதாக நம்ப முடியாது. வீட்டு டிஷ்வாஷர்களுக்கான அமெரிக்கத் தர அளவுகோல், கிருமி நீக்கும் புரோகிராமின் கடைசி அலசலாவது 66 டிகிரி அளவுக்குப் போக வேண்டும் என்கிறது. நம் ஊரில் விற்கும் பல இயந்திரங்களில் கடாய்க்கென்றே 70 டிகிரி இன்டென்சிவ் புரோகிராம் இருக்கிறது. சிலவற்றில் கடைசி அலசலில் சூட்டை ஏற்றும் ஹைஜீன் பொத்தானும் உண்டு. அந்த நோய்த்தடுப்பு வேலைக்கு அரைமணி நேரத்தில் முடியும் குறுகிய புரோகிராம் உதவாது. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எதிரே வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை ஒரு முறை படித்துவிட்டால் போதும்.

எந்தக் குழந்தைக்குத் தினமும் கிருமி நீக்கம் வேண்டும்? இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை ஆகியோருக்கு நாளுக்கு ஒரு முறையாவது செய்யச் சொல்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி. வளர்ந்த, ஆரோக்கியமான குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவி நன்றாக உலர்த்தினால் தினசரி கிருமி நீக்கம் அவசியமில்லை. சூடான நீரில் கழுவி, சூட்டில் உலர்த்தும் புரோகிராமிலோ கிருமி நீக்கும் புரோகிராமிலோ இயந்திரம் ஓடியிருந்தால் தனியாகக் கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். அந்தக் கோவை வீட்டில் ஓடியது எகோ. ஆறு வாரக் குழந்தைக்கு அது போதாது. கழுவி எடுத்த உறுப்புகளைத் தண்ணீரில் முழுக்க மூழ்கவிட்டு, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காமல் பார்த்து, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 5 நிமிடம் விட வேண்டும்.

கழுவுவதற்கு முன்பே சில வேலைகள் உண்டு. பால் குடித்து முடித்த பாட்டிலைக் குளிர்ந்த நீரில் உடனே அலச வேண்டும். காய்ந்த பாலின் மேல் முதலில் வெந்நீர் பட்டால் புரதம் கெட்டிப்பட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து பாட்டில், வளையம், நிப்பிள், காற்று வால்வு, மூடி என்று முழுவதும் பிரிக்க வேண்டும். நிப்பிளை விரலால் அழுத்தித் துளை வழியாக நீரைப் பீய்ச்சினால் அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சிப்பரின் வால்வை இரு பக்கமும் அமுக்கிப் பிளவைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்ட்ராவுக்குள் மெல்லிய பிரஷ் போய்வர வேண்டும். இதை இயந்திரம் நமக்காகச் செய்யாது. பிரிக்கவே முடியாத வால்வு உள்ள சிப்பரை வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பாட்டில்களை மேல் தட்டில் தலைகீழாக, சற்றே சாய்த்து வையுங்கள். கீழ்த்தட்டில் நீரின் வேகம் அதிகம், சில இயந்திரங்களில் சூடேற்றும் கம்பியும் அங்கேதான் இருக்கும். நிப்பிள், வால்வு போன்றவை மூடியுள்ள சிறு கூடையில் போக வேண்டும். இல்லையென்றால் நீரின் வேகத்தில் தூக்கி எறியப்பட்டு அடியிலிருக்கும் வடிகட்டியில் கிடக்கும். மீன் குழம்புக் கடாயோடு சேர்த்துப் போடாதீர்கள். மஞ்சள் கலந்த எண்ணெய் நீரோடு சுற்றிச் சுற்றி வந்து சிலிக்கானில் ஏறும். நிப்பிள் மஞ்சளாகும், வாசனையும் தங்கும். ஒரே தடவைதான் ஓட்ட முடியும் என்றால் கடாயின் எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

இயந்திரம் நின்றதும் எவர்சில்வர் உலர்ந்திருக்கும், பிளாஸ்டிக் ஈரமாக இருக்கும். இது பழுது அல்ல. எவர்சில்வரும் கண்ணாடியும் கடைசி அலசலின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவற்றின் மேலுள்ள நீர் ஆவியாகிவிடுகிறது. லேசான பிளாஸ்டிக்கிடம் அந்தச் சூடு தங்குவதில்லை. எனவே பாட்டிலையும் சிப்பரையும் வெளியே எடுத்து உதறி, சுத்தமான துணியின் மேல் விட்டுக் காற்றில் உலர்த்த வேண்டும். சமையலறைத் துண்டால் துடைத்தால் அதிலிருக்கும் கிருமி திரும்பவும் ஏறும். ஈரத்தோடு பூட்டி வைத்த வால்வில்தான் பூஞ்சை பிடிக்கிறது.

சூட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டப்ளினில் இருக்கும் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பாலிபுரொப்பிலீன் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றும்போது நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதைக் கண்டார்கள். சூடு ஏற ஏற உதிர்வதும் ஏறியது. இதனால் உடலுக்கு என்ன ஆகும் என்பது இன்னும் முடிவாகவில்லை, அதற்காகப் பயந்து கிருமி நீக்கத்தை விட்டுவிடக் கூடாது. கிருமி நீக்கிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கொதிக்க வைத்து ஆற வைத்த நீரால் மூன்று முறை அலசுவதும், பால் பவுடரைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் சூடான நீரில் கலக்கி, ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுவதும் அந்த ஆய்வாளர்கள் சொன்ன வழிகள். பாலாடையால் ஊட்டும் வீடுகளுக்கு இந்தக் கவலையே இல்லை. எவர்சில்வர் பாலாடைக்கு ஒளிந்த மூலை கிடையாது, எந்தச் சூட்டிலும் போடலாம்.

இனி டிபன் பாக்ஸ். நல்ல எவர்சில்வருக்கு டிஷ்வாஷர் தீங்கு செய்யாது. பல வீடுகளில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பாத்திரமே மட்டம் என்று தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்த துரு. பக்கத்தில் வைத்த இரும்பு தோசைக்கல், துருவேறிய கத்தி ஆகியவற்றின் துகள் நீரில் சுற்றி வந்து எவர்சில்வரில் உட்கார்ந்திருக்கும். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போய்விடும். தேய்த்த பிறகும் அங்கே ஊசி முனைக் குழி தெரிந்தால் அது உப்பின் வேலை. ஊறுகாயோ உப்பிட்ட தயிர்ச் சோறோ மதியத்திலிருந்து இரவு வரை காய்ந்து கிடந்தாலும், டிஷ்வாஷர் உப்பை நிரப்பும்போது உள்ளே சிந்தினாலும் இப்படி ஆகும். உப்பு நிரப்பியதும் காலியாக ஒரு அலசல் ஓட்டுங்கள். ஆபீசிலேயே பாக்ஸைத் தண்ணீரில் அலசி வந்தால் பாதிக் கவலை தீரும்.

வெளியே பிளாஸ்டிக், உள்ளே எவர்சில்வர் என்று இரட்டைச் சுவர் உள்ள டிபன் பாக்ஸை, டிஷ்வாஷரில் போடலாம் என்று அதிலேயே குறிக்காதவரை போடாதீர்கள். இரு சுவருக்கும் நடுவில் நீர் புகுந்துவிடும். காதருகே வைத்துக் குலுக்கினால் சலசலப்பு கேட்கும், வாசனையும் வரும். அதைத் திறந்து உலர்த்த வழியில்லை. சூடு காக்கும் ஃபிளாஸ்க் வகைச் சிப்பருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மூடியின் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் கழற்றியே போட வேண்டும். கத்தி முனையால் நெம்பினால் சிலிக்கானில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழும், பிறகு அங்கேதான் கிழியும். கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையைப் பள்ளத்தில் விட்டுத் தூக்குங்கள். வளையம் இருந்த பள்ளத்தைப் பழைய பல் பிரஷால் தேய்த்துவிட்டு மூடியை மேல் தட்டில் வையுங்கள். சாம்பார் வாசனை ஏறிய வளையத்தை வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடா கரைத்து இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவலாம். மஞ்சள் கறையை வெயில் வெளுக்கும், மொட்டை மாடியில் ஒரு பகல் போதும். போர்வெல் நீரால் படியும் வெள்ளைப் பூச்சுக்கு வினிகர் கலந்த நீர். கறை போக பிளீச்சிங் கரைசலில் மூடியோடு ஊறப்போடாதீர்கள், குளோரின் எவர்சில்வரில் குழி விழ வைக்கும்.

வளையமும் பள்ளமும் முழுக்க உலர்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும். அலமாரியில் வைக்கும்போது மூடியைப் பூட்டாமல் பக்கத்தில் வையுங்கள். நாள் முழுக்க அழுந்தியே கிடக்கும் வளையம் தட்டையாகி, திரும்ப எழாது. ஆயுள் முடிந்ததா என்று பார்க்க, பாக்ஸில் பாதி நீர் ஊற்றிப் பூட்டி, செய்தித்தாளின் மேல் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். தாள் நனைந்தால், வளையத்தைச் சரியாக உட்கார வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் நனைந்தால் மாற்ற வேண்டியதுதான். நிப்பிளுக்குச் சோதனை வேறு. கவிழ்த்தால் பால் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஓடினால் துளை பெரிதாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் பிசுபிசுப்போ விரிசலோ மெலிந்த இடமோ தெரிந்தால் அன்றே எறிந்துவிடுங்கள், துண்டு பிய்ந்து குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். டிபன் பாக்ஸுக்கு உதிரி வளையம் வாங்கும்போது பாக்ஸின் அளவைச் சொல்லாமல் பழைய வளையத்தையே கடைக்குக் கொண்டுபோங்கள். விட்டம் பொருந்தினாலும் தடிமன் வேறானால் மூடி பூட்டாது.