மூன்று நிமிடத்தில் முதலீடு கேட்பது

பிரச்சினையைச் சொல்ல அரை நிமிடம் போதும். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாட்டின்போது ஓட்டல் அறைகள் நிரம்பிவிட, ஏர்பிஎன்பி நிறுவனர்கள் தங்கள் வீட்டிலேயே மூன்று பேரைக் கட்டணம் வாங்கித் தங்கவைத்தார்கள். பிரச்சினையும் அதுவே, முதல் சான்றும் அதுவே.

அதிக நேரத்தை வளர்ச்சிக் கணக்குக்குத் தரவேண்டும். பதிவு செய்தவர்களைவிட, பணம் கொடுத்து மறுபடியும் வந்தவர்கள் எத்தனை பேர் என்றே முதலீட்டாளர் பார்ப்பார். மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டினால், மாத வளர்ச்சி நின்றுவிட்டதோ என்று சந்தேகப்படுவார்.

கடைசியில் தொகை. 2008-இல் அவர்கள் கேட்டது 1.5 லட்சம் டாலர். நிறுவனத்துக்குச் சொன்ன மதிப்பு 15 லட்சம் டாலர். அதாவது பத்தில் ஒரு பங்கு. அணுகிய 7 பேரில் 5 பேர் மறுத்தார்கள், 2 பேர் பதிலே தரவில்லை. தொகையோடு, அது எத்தனை மாதச் செலவுக்கு வரும், அதற்குள் எதை எட்டுவோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.