கோடு எழுவதும் விழுவதும்

எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியிலிருந்து எடுத்த மெல்லிய சீவல் ஒன்றில், ஒரு நரம்பணுவின் மேல் நுண்ணிய கண்ணாடிக் குழாயின் நுனியை வைத்து லேசாக உறிஞ்சுகிறார்கள். நுனியின் அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர்தான். அணுவின் சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். மின்தடை ஒரு ஜிகா ஓமைத் தாண்டிவிட்டால் ஒட்டு நன்றாக விழுந்திருக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் உறிஞ்சினால் நுனிக்கு அடியிலுள்ள சவ்வு கிழிந்து, அணுவின் உட்புறம் கருவியோடு இணைகிறது. எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் உருவாக்கி, 1991இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த பேட்ச் கிளாம்ப் முறை இது.

சவ்வின் மின்னழுத்தத்தை மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் நிறுத்தி, சட்டென்று பூஜ்யத்துக்கு உயர்த்துவோம். திரையில் முதலில் ஒரு கூர்மையான பள்ளம் தோன்றி, சில மில்லிசெகண்டுகளில் மறைகிறது. அணுவுக்குள் நேர்மின்னூட்டம் பாய்ந்தால் கோடு கீழே இறங்கும் என்பது வழக்கம். எனவே இது சோடியம் ஓட்டம் என்று ஊகிக்கலாம். ஆனால் கால்சியமும் உள்ளேதான் பாய்கிறது. ஊகத்தைச் சோதிக்க, பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினைச் சீவல் மிதக்கும் கரைசலில் சேர்க்கிறார்கள். அந்தப் பள்ளம் காணாமல் போனால் சோடியம் வாயில்தான்.

மிச்சமிருக்கும் மேடுதான் எனக்குப் பிடித்த புதிர். கோடு விறுவிறுவென ஏறி, பாதி இறங்கி, பிறகு சமமாக ஓடுகிறது. இதில் இரண்டு பொட்டாசியம் ஓட்டங்கள் கலந்திருக்கின்றன. ஏ-வகை வாயில்கள் சட்டெனத் திறந்து சட்டென அடைத்துக்கொள்ளும். மற்றவை மெதுவாகத் திறந்து, திறந்தபடியே நிற்கும். மருந்தில்லாமலே இவற்றைப் பிரிக்க வழியுண்டு. முதலில் சற்று நேரம் மைனஸ் 110இல் வைத்துவிட்டு உயர்த்தினால் இரண்டும் திறக்கும். மைனஸ் 40இல் வைத்துவிட்டு உயர்த்தினால் ஏ-வகை பெரும்பாலும் முன்பே அடைத்துக்கொண்டிருக்கும். மெதுவானது மட்டுமே வரும். முதல் கோட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், ஏ-வகை ஓட்டம் தனியே கிடைக்கிறது. கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் கணக்கைக் குழப்பாமலிருக்க, காட்மியம் சேர்த்துக் கால்சியம் ஓட்டத்தை முன்பே அடைத்துவிட வேண்டும்.

கோடு ஏமாற்றவும் செய்யும். குழாய் நுனியின் தடை 10 மெகா ஓம், ஓட்டம் 5 நானோ ஆம்பியர் என்றால், 50 மில்லிவோல்ட் நுனியிலேயே வீணாகிவிடும். நாம் பூஜ்யம் என்று நினைக்கும்போது சவ்வு வேறெங்கோ இருக்கும். சோடியம் பள்ளம் படிப்படியாக ஆழமாகாமல், ஒரு கட்டத்தில் தாமதித்துத் திடீரென முழு அளவில் விழுந்தால், தொலைவிலுள்ள ஆக்சான் நம் பிடிக்கு வெளியே தானாகவே துடித்துவிட்டது. அந்தப் பதிவை வைத்து வாயிலின் வேகத்தைக் கணக்கிடக் கூடாது.