எட்டுச் சுற்று, ஏழு இடைவெளி

ஐந்து கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும் என்பது ஒருவருடைய இலக்கு என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு 25 நிமிடம் 50 விநாடி ஆகிறது. கிலோமீட்டருக்கு 10 விநாடி குறைத்தாக வேண்டும். அதற்கு ஓட்டப் பயிற்சியாளர்கள் பலரும் முதலில் சொல்லும் பயிற்சி, இலக்கு வேகத்தில் 400 மீட்டரை எட்டு முறை ஓடுவது. சொல்ல எளிது. ஆனால் இந்தப் பயிற்சி பலன் தருவதும் தராமல் போவதும் எட்டு ஓட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஏழு இடைவெளிகளைப் பொறுத்தது.

முதலில் வேகத்தைக் கணக்கிடலாம். 25 நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம். 400 மீட்டருக்கு 2 நிமிடம், 100 மீட்டருக்கு 30 விநாடி. அவருடைய இன்றைய வேகத்தில் ஒரு சுற்றுக்கு 124 விநாடி ஆகிறது. இலக்குக்கும் நிஜத்துக்கும் இடையே நான்கு விநாடிதான். இது எட்டக்கூடிய தூரம். சுற்றுக்குப் பத்து விநாடி வித்தியாசம் இருந்தால் இலக்கை மாற்றுவது நல்லது. அப்போது இது ஐந்து கிலோமீட்டருக்கான பயிற்சியாக இருக்காது, மூச்சிரைக்கும் விரைவோட்டமாகிவிடும்.

இனி இடைவெளிக்கு வருவோம். ஓடத் தொடங்கிய உடனே உடல் ஆக்சிஜனை முழு அளவில் பயன்படுத்தத் தொடங்குவதில்லை. முதல் ஒரு நிமிடம் இதயமும் நுரையீரலும் மெல்ல வேகம் பிடிக்கின்றன. இரண்டாவது நிமிடத்தில்தான் அவை உச்சத்தை நெருங்குகின்றன. அதற்குள் நம் ஓட்டக்காரர் சுற்றை முடித்து நின்றுவிடுகிறார். அடுத்து மூன்று, நான்கு நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் எல்லாம் பழைய நிலைக்கு இறங்கிவிடும், அடுத்த சுற்றில் முதலிலிருந்து ஏற வேண்டும். எட்டு முறை ஓடினாலும் உச்சத்தில் கழித்த நேரம் மிகக் குறைவாகவே இருக்கும். இடைவெளி ஒன்றரை நிமிடமாக இருந்து, அதிலும் நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால், இதயத்துடிப்பு பாதி வழியில் இருக்கும்போதே அடுத்த சுற்று தொடங்கிவிடும். மூன்றாவது, நான்காவது சுற்றிலிருந்து உடல் சீக்கிரமே உச்சத்துக்குப் போகும். இடைவெளியை 30 விநாடியாக்கினாலோ ஐந்தாவது சுற்றிலேயே வேகம் உடையும்.

இந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1930களில் ஜெர்மனியில் வோல்டெமர் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து இடைவெளிப் பயிற்சியை வகுத்தார்கள். ஓடி முடித்தபின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். அப்படி இறங்க 90 விநாடிக்கு மேல் ஆனால், ஓடிய ஓட்டம் அளவுக்கு மீறிக் கடுமையாக இருந்தது என்று பொருள். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடிப் படைத்த உலக சாதனை 16 ஆண்டுகள் நிலைத்தது. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக்கும் 400 மீட்டர் ஓட்டங்களுக்கு நடுவே 200 மீட்டர் மெதுவாக ஓடியே பயின்றார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர் அவர்.

நம் ஓட்டக்காரருக்கும் அதே 200 மீட்டர் மெதுவோட்டம், 90 விநாடி. டிராக்கில் இதற்கு ஒரு வசதி உண்டு. முதல் சுற்று முடிவுக்கோட்டில் தொடங்கி அங்கேயே முடிகிறது. மெதுவாக 200 மீட்டர் ஓடினால் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வார், இரண்டாவது சுற்றை அங்கிருந்து தொடங்குவார். ஒற்றைப்படைச் சுற்றுகள் முடிவுக்கோட்டிலிருந்து, இரட்டைப்படைச் சுற்றுகள் எதிர்ப்பக்கத்திலிருந்து. எட்டாவது சுற்று எதிர்ப்பக்கத்தில் முடிய வேண்டும். முடிவுக்கோட்டில் முடிந்தால் எண்ணிக்கை தவறியிருக்கிறது. களைப்பில் எண்ணிக்கை மறந்துபோகும் எல்லோருக்கும் இது உதவும்.

மொத்தத் தூரம் எவ்வளவு? வேகமாக ஓடுவது எட்டு முறை 400, அதாவது 3,200 மீட்டர். ஏழு இடைவெளிகளில் 1,400 மீட்டர். இரண்டும் சேர்ந்து 4,600 மீட்டர், நேரம் 26 நிமிடம் 30 விநாடி. இதற்கு முன் வார்ம் அப்புக்கு ஐந்து சுற்று மெதுவோட்டம், 2,000 மீட்டர். பிறகு 100 மீட்டர் நேர்ப்பகுதியில் நான்கு முறை வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி ஓடி, ஒவ்வொரு முறையும் நடந்து திரும்பினால் 800 மீட்டர். கடைசியில் நான்கு சுற்று மெதுவோட்டம், 1,600 மீட்டர். எல்லாம் சேர்ந்து சரியாக 9 கிலோமீட்டர். வார்ம் அப்பைக் குறைத்து நேரத்தை மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம், முதல் இரண்டு சுற்றுகள் தேவையில்லாமல் கனக்கும்.

வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறவருக்கு இது பொருந்தும்? அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் இவ்வகைக் கடும் ஓட்டத்தை வாரத் தூரத்தில் எட்டு சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார். 3,200 மீட்டர் என்பது 40 கிலோமீட்டரில் எட்டு சதவீதம். வாரம் 25 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவர் ஐந்து சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இதில் குறை ஒன்றுமில்லை. எட்டு என்ற எண்ணைவிட ஒவ்வொரு சுற்றும் ஒரே சீராக இருப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

வழக்கமாகக் கெடுவதும் அந்தச் சீர்தான். முதல் சுற்றில் கால்கள் இலேசாக இருக்கும், 1 நிமிடம் 52 விநாடியில் முடித்து மகிழ்வார். ஏழாவது சுற்று 2 நிமிடம் 6 விநாடியாகும். சராசரி பார்த்தால் இலக்கை ஒட்டியே இருக்கும், ஆனால் 25 நிமிட வேகத்தில் ஓடவே இல்லை என்பதே உண்மை. இதைத் தவிர்க்க, முதல் 100 மீட்டர் குறியைக் கடக்கும்போதே ஸ்டாப்வாட்சைப் பார்க்க வேண்டும். 27 விநாடி காட்டினால் உடனே தளர்த்த வேண்டும். ஜிபிஎஸ் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை டிராக்கின் வளைவுகளில் நம்ப முடியாது, கோட்டைக் கடக்கும்போது லேப் பட்டனை அழுத்தி எடுக்கும் நேரமே சரி. உட்பாதையில் ஓடுவதும் அவசியம். இரண்டாவது பாதையில் ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடுகிறது, இந்த வேகத்தில் அது இரண்டு விநாடிக்குச் சமம்.

எட்டு நேரங்களும் 1:59க்கும் 2:01க்கும் இடையே அமைந்தால் பயிற்சி சரி. அடுத்தடுத்து இரண்டு சுற்று 2:03ஐத் தாண்டினால் ஒருமுறை இடைவெளியை இரண்டு நிமிடமாக்கிப் பார்க்கலாம். அப்போதும் வேகம் திரும்பாவிட்டால் அன்று அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புழுக்கமான நாளில் இதயத்துடிப்பு இறங்க அதிக நேரம் எடுக்கும். அன்று ஓட்ட வேகத்தை மாற்றாமல் இடைவெளியை நீட்டுவதே முறை.

ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்து, நேரங்கள் சீராகிவிட்டால் வேகத்தைக் கூட்ட ஆசை வரும். கூட்டக் கூடாது. சுற்று 2 நிமிடமாகவே இருக்கட்டும், இடைவெளியை 75 விநாடியாகவும் பிறகு 60 விநாடியாகவும் குறைக்க வேண்டும். 60 விநாடியில் 100 மீட்டர்தான் தளர்வாக ஓட முடியும், ஆகவே இடைவெளித் தூரம் 700 மீட்டராகி மொத்தம் 8,300 மீட்டராகக் குறையும். பயிற்சி கடினமாகும்போது தூரம் குறைவது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் போட்டியில் பன்னிரண்டரைச் சுற்றையும் இடைவெளியே இல்லாமல் ஓட வேண்டும், அதை நோக்கித்தான் போகிறோம். 60 விநாடி இடைவெளியில் எட்டும் சீராக வந்த பிறகு ஐந்து முறை 800 மீட்டர் என்று நீட்டலாம். போட்டிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் பழைய 90 விநாடி இடைவெளியோடு நான்கு சுற்று போதும்.