நாய் வலி மாத்திரையைத் தின்றுவிட்டால்: ஒரு எட்டு கிலோ கணக்கு

நம்ம ஊர் வீடுகளில் பல்வலி, கால்வலிக்கு வாங்கி வைக்கிற கூட்டு மாத்திரை ஒன்று உண்டு. ஒரே மாத்திரையில் இபுப்ரோஃபன் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் அட்டையை எட்டு கிலோ எடையுள்ள ஸ்பிட்ஸ் நாய் ஒன்று கடித்து, இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு நாயைத்தான் பார்க்கப் போகிறோம்.

மருந்து விஷமாகுமா என்பதைத் தீர்மானிப்பது மாத்திரை எண்ணிக்கை இல்லை; உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான். நம்ம ஸ்பிட்ஸ் உள்ளே தள்ளியது 800 மில்லிகிராம் இபுப்ரோஃபன், 650 மில்லிகிராம் பாராசிட்டமால். எட்டால் வகுத்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இபுப்ரோஃபன், ஏறக்குறைய 81 மில்லிகிராம் பாராசிட்டமால். அறுபது கிலோ மனிதர் ஒரே மடக்கில் பதினைந்து கூட்டு மாத்திரை போட்டால்தான் இபுப்ரோஃபன் இந்த அளவுக்கு வரும். அதே இரண்டு மாத்திரையை 24 கிலோ நாய் தின்றிருந்தால் அளவு மூன்றில் ஒரு பங்குதான்.

சரி, இந்த அளவு உள்ளே போய் என்ன செய்யும்?

முதலில் பாராசிட்டமால். கல்லீரல் இதன் பெரும்பகுதியைப் பாதிப்பில்லாத பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் வேறு வழியில் போய் நச்சாக மாறும். அந்த நச்சைப் பிடித்து அடக்க குளுட்டாதயோன் என்ற பொருளைக் கல்லீரல் இருப்பு வைத்திருக்கிறது. அளவு மீறினால் இருப்பு தீர்ந்துபோகும். நச்சு கல்லீரல் செல்லையே தாக்கும். நாயில் கிலோவுக்கு 75 முதல் 100 மில்லிகிராம் என்பது கவலைப்பட வேண்டிய எல்லை. நம்ம ஸ்பிட்ஸ் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. 200 வாக்கில் போனால் ரத்தமும் கெடும். சிவப்பணுவில் இருக்கும் இரும்பு மாறிப்போய், ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும்.

இங்கே ஒன்று சொல்லிவிடணும். பாராசிட்டமாலின் ஒரு துணுக்கு பட்டாலே நாய் செத்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. கால்நடை மருத்துவர்களே கிலோவுக்கு 10, 15 மில்லிகிராம் என்று அளந்து சில நேரம் தருவதுண்டு. சிக்கல் என்னவென்றால், நம்ம வீட்டு 650 மாத்திரை ஒன்றே இந்த எட்டு கிலோ நாய்க்கு ஐந்து மடங்குக்கு மேல். பூனை கதை வேறு. அதன் உடலில் பாராசிட்டமாலை வெளியேற்றும் முக்கிய வழியே வலுவில்லை, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடலாம்.

இபுப்ரோஃபன்தான் நாய்க்கு இன்னும் மோசம் என்பது என் கருத்து. வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களை அது அடக்குகிறது. ஆனால் இரைப்பையின் சுவருக்கு மேல் சளிப் படலத்தைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைப்பதும் அதே குடும்பத்துப் பொருள்கள்தான். அவற்றையும் சேர்த்து அடக்கினால் வயிற்றில் அமிலம் புண்ணைக் கிளப்பும், சிறுநீரகம் ரத்தமில்லாமல் வாடும். போதாக்குறைக்கு, நாயின் உடலில் இந்த மருந்து பித்தநீரோடு குடலுக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்குள் ஏறும். கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் வயிற்றுப்புண் நிச்சயம் எதிர்பார்க்க வேண்டியதே. 175-ஐத் தாண்டினால் சிறுநீரகம் செயலிழக்கலாம், 400-க்கு மேல் வலிப்பும் மயக்கமும். இவை நல்ல ஆரோக்கியமான நாய்க்கான எண்கள். வயதான நாய், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ள நாய், அரிப்புக்காக ஸ்டீராய்டு சாப்பிடும் நாய் எல்லாவற்றுக்கும் இதைவிடக் குறைவே போதும்.

ஏமாற்றுவது எதுவென்றால், முதல் சில மணி நேரம் நாய் சாதாரணமாக இருக்கும். வாலை ஆட்டும், சோறு கேட்கும். வாந்தி இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் வரலாம். கறுப்பாக, தார் மாதிரி மலம் போவது அரை நாளிலிருந்து நாலு நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தெரியலாம். ஈறு பழுப்பாவது, முகம் வீங்குவது, மூச்சு வாங்குவது பாராசிட்டமாலின் அறிகுறிகள். மஞ்சள் காமாலை தெரிய ஓரிரு நாளாகும். "நல்லாத்தானே இருக்கு, காலையில பார்க்கலாம்" என்று விடுகிற அந்த இரவுதான் மருத்துவம் எளிதாக முடிகிற நேரம்.

ஆகவே அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அட்டையைக் கையில் எடுத்து, எத்தனை குழி காலி, எத்தனை மாத்திரை தரையில் கிடக்கிறது என்று எண்ணுங்கள். சந்தேகம் இருந்தால் அதிகபட்சத்தையே சொல்லுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகவே கணக்கு. எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். இதை வீட்டிலேயே செய்யலாமே என்று உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றாதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி, அதுவே மூளையைப் பாதித்துக் கொல்லும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கலாம் என்று வெளிநாட்டுப் பக்கங்களில் படித்திருப்பீர்கள். அது மூன்று சதவீதக் கரைசலைப் பற்றியது, அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும். நம்ம மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆறு சதவீதம்; உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். பால், முட்டை வெள்ளைக்கரு எதுவும் மாத்திரையை முறிக்காது. அடுப்புக் கரியும் வேண்டாம். மருத்துவர் தரும் செயலூட்டிய கரி வேறு பொருள். நாய் ஏற்கெனவே தள்ளாடினாலோ, மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுக்க வைப்பதே ஆபத்து, நுரையீரலுக்குள் போய்விடும்.

பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். தீர்ந்துபோன குளுட்டாதயோனைத் திரும்ப உண்டாக்க அது உதவுகிறது. வழக்கமான முதல் அளவு கிலோவுக்கு 140 மில்லிகிராம், பிறகு ஆறு மணிக்கு ஒருமுறை 70. நம்ம ஸ்பிட்ஸுக்கு முதலில் 1,120, அடுத்தடுத்து 560 மில்லிகிராம். சிறிய கிளினிக்கில் இருப்பு இல்லாமல் போகலாம். ஆனால் இது மனிதர்களுக்குச் சளியை இளக்கத் தரும் மருந்துதான், பெரிய மருத்துவமனை மருந்தகத்தில் கிடைக்கும். போனில் பேசும்போதே "அசிட்டைல்சிஸ்டீன் இருக்கா, நான் வழியில் வாங்கி வரணுமா?" என்று கேட்டுவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம்.

இபுப்ரோஃபனுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. ஓரிரு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பது, வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தருவது, இவ்வளவுதான். சேர்த்த அன்றே கிரியாட்டினின் பார்த்து, பிறகு மூன்று நாள் வரை மறுபடி பார்க்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு தாமதமாகத்தான் ரத்தத்தில் தெரியும்.

தவறி விழுங்குவதைவிட நாமே கொடுப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. நம்ம பகுதியில் நாய்க்குக் காய்ச்சல் என்றால் பல நேரம் உண்ணிக் காய்ச்சல். அதில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் இபுப்ரோஃபன் போனால் வயிற்றில் புண்ணும் வரும், ரத்தமும் எளிதில் உறையாது. காய்ச்சல் குறைந்த மாதிரி தெரிந்து, இரண்டு நாளில் மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதை ரத்தப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். நாயின் வலிக்கு அவர் வேறு மருந்து எழுத நினைத்தாலும், இது வெளியேறும் வரை நாள் விட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.